ஒரே தகைவுக்கு நாலு பெயர்

ஜெபகனி மேடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கரும்பலகையில் படம் வரைந்து முடித்ததும் உடனே விளக்கத் தொடங்க மாட்டார். சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து கடைசி வரிசைக்குப் போய் நின்று, தான் வரைந்ததைத் தானே ஒருதரம் பார்ப்பார். எழுத்து சிறியதாகத் தெரிந்தாலோ, அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்று புரியாவிட்டாலோ, திரும்பி வந்து அழித்து எழுதுவார். பிறகுதான் பாடம். நாகர்கோவிலுக்குத் தெற்கே உள்ள அந்தப் பாலிடெக்னிக்கில் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இது நடக்கிறது. வராந்தாவில் போகிற புது ஆசிரியர்கள் யாரையோ திட்டத்தான் பின்னால் போய் நிற்கிறார் என்று நினைப்பார்கள். சிவில் துறையின் ராஜகுமார் சார் மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மேடம், உங்களுக்கும் சேத்து அட்டெண்டன்ஸ் போடணுமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஜெபகனி சிரிப்பதோடு சரி. பதில் பேசுகிற ஆள் இல்லை அவர்.

மண்டைக்காட்டுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். அப்பாவுக்குத் துணிக்கடை. வீட்டில் பெண்பிள்ளை பொறியியல் படிப்பது அதுதான் முதல் தடவை. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து, பள்ளியிலேயே முதலாவதாக வந்த பெண், பொறியியல் கல்லூரியில் முதல் பருவம் முழுக்க ஊமைபோல உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் சொன்னதை எல்லாம் எழுதினார், ஒன்றும் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று அவருக்கே அப்போது தெரியவில்லை. அதை யாரிடமும் சொன்னதும் இல்லை.

அதனால்தானோ என்னவோ, டிப்ளமோ சிவிலில் தமிழ் வழிப் பிரிவு ஒன்று தொடங்கலாம் என்று பேச்சு வந்தபோது, பொறுப்பை யார் எடுப்பது என்று துறைத் தலைவர் நாராயணபெருமாள் கேட்டதும், கூட்டங்களில் வாயே திறக்காத ஜெபகனி, "நான் எடுக்கேன் சார்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் புடவை முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிவு தொடங்கியது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள், பெரும்பாலும் மேற்குப் பக்கத்திலிருந்தும் கடற்கரையிலிருந்தும் வந்தவர்கள். முதலாண்டில் பொறியியல் இயக்கவியல் ஜெபகனியின் பாடம். விசை, உராய்வு, திருப்புத்திறன், கடைசி அலகில் தகைவும் திரிபும். ஒரு கம்பியைப் பிடித்து இழுத்தால் அதன் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் எவ்வளவு எதிர்த்து நிற்கிறதோ அது தகைவு. இழுத்ததில் தன் நீளத்தில் எத்தனை பங்கு நீண்டதோ அது திரிபு. பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். ஜெபகனிக்கு அந்த ஆண்டு கோடை விடுமுறை லேசாகப் போனது.

இரண்டாம் ஆண்டில்தான் சிக்கியது.

ராஜகுமாருடைய பாடம் பொருள்களின் வலிமை. ஆவணி மாதத்தில் முதல் உள்தேர்வு. கல்லூரி தன்னாட்சி பெற்றது என்பதால் வினாத்தாளை ஆசிரியர்களே எடுக்க வேண்டும். ஆங்கிலப் பிரிவுக்கு எழுதிய தாளைத் தமிழ்ப் பிரிவுக்காக அவரே தமிழாக்கினார். சொல்லித்தரவும் ஆள் இல்லை, பார்த்துக்கொள்ளவும் எதுவும் இல்லை. வாய்க்கு வந்த நல்ல தமிழை எழுதினார். இருபது மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கம்பியை 62.8 கிலோநியூட்டன் விசையால் இழுக்கும்போது ஏற்படும் "இழு அழுத்தத்தையும் நீட்சி விகிதத்தையும்" காண்க என்றது முதல் கேள்வி.

தமிழ்ப் பிரிவில் பாதிப் பேர் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. தொட்டவர்களில் சிலர், அழுத்தம் என்றால் தண்ணீரின் ஆழமும் அடர்த்தியும் வேண்டுமே என்று தேடி, தாளில் அவை இல்லாததால் ஆயிரம் என்று தாங்களாகவே போட்டுக் கணக்குச் செய்திருந்தார்கள். கம்பியைத் தண்ணீருக்குள் முக்கிவிட்டார்கள். அதே கணக்கை ஆங்கிலப் பிரிவில் பெரும்பாலோர் செய்து முடித்திருந்தார்கள்.

கல்லூரி முதல்வருக்கு மதிப்பெண் பட்டியல் மட்டும்தான் போனது. அவர் கெட்டவர் அல்ல, எண்களை நம்புகிறவர். நாராயணபெருமாளையும் ஜெபகனியையும் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்.

"பிள்ளைகளுக்கு நாம நல்லது செய்றதா நெனச்சு கெடுதல் செய்றோமோன்னு தோணுது. டிசம்பர் பருவத்துல இருந்து இவங்களையும் இங்கிலீஷ் பிரிவுல சேர்த்திருவோம். அடுத்த வருஷம் தமிழ்ப் பிரிவுக்கு அட்மிஷன் வேண்டாம்."

அந்த இருபது சொச்சம் முகங்களும் ஆங்கிலப் பிரிவின் கடைசி பெஞ்சுகளில் ஊமையாய் உட்கார்ந்திருப்பது ஜெபகனியின் கண்ணில் தெரிந்தது. அவர் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்.

"சார், பிள்ளேளுக்குக் கணக்கு தெரியாமல்ல. நாங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பேரு சொல்லியிருக்கோம். தப்பு எங்க மேல" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. நல்லவேளையாக நாராயணபெருமாள் அதை எடுத்து உரக்கச் சொன்னார். மூன்று ஆண்டுப் பாடங்கள் அத்தனைக்கும் சேர்த்து, எல்லா ஆசிரியரும் ஒரே சொல்லைப் புழங்கும்படி ஒரு கையேடு போட்டுவிடுகிறோம், பருவம் முடியுமுன் தருகிறோம் என்றார்.

"போடுங்க. பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றார் முதல்வர்.

அங்கிருந்து துறைக்கு வந்த வேகத்தில்தான் அந்தப் பிசகு நடந்தது. பொறியியல்காரர்களுக்கு ஒரு வேலையைப் பார்த்தால் முதலில் அதைச் சமமாகப் பங்கு போடத் தோன்றும். புதிதாகச் சேர்ந்திருந்த பிரீனா, எல்லாப் பாடத்திட்டத்திலிருந்தும் கலைச்சொற்களை உருவி, கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கித் தந்தாள். நூற்றுக்கணக்கான சொற்கள். ஏ முதல் சி வரை ஜெபகனி, டி முதல் எல் வரை ராஜகுமார், எம் முதல் ஆர் வரை பிரீனா, எஸ் முதல் இசட் வரை கட்டுமானப் பாடம் எடுக்கும் சுயம்புராஜ். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை. யாருக்கும் மனக்குறை இல்லை. ஜெபகனியும் தலையாட்டினார்.

ஆளுக்கு ஆள் முக்கி முனகி வேலையை முடித்தார்கள். பிரீனா எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்த்து, கோடு போட்டு, பக்க எண் கொடுத்து, அட்டைப்படமாகக் கல்லூரி மணிக்கூண்டையும் வைத்துத் தாளில் எடுத்துக் கொடுத்தாள். பார்க்க அழகாக, கொள்ளாமாகத்தான் இருந்தது. நாராயணபெருமாள் தடவித் தடவிப் பார்த்தார். "நாளைக்கழிச்சு அச்சுக்குக் குடுத்திருவோம்" என்றார்.

அன்று மாலை வகுப்புகள் விட்ட பிறகு ஜெபகனி அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு தமிழ்ப் பிரிவின் காலி வகுப்பறைக்குப் போனார். கால் தன்னால் கடைசி பெஞ்சுக்குப் போயிற்று. உட்கார்ந்து, பொருள்களின் வலிமைப் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் விரித்து, ஒரு பிள்ளை படிக்கிற வரிசையில் ஒவ்வொரு சொல்லாகக் கையேட்டில் தேடத் தொடங்கினார்.

வளைவுத் தகைவு. அது பெண்டிங் ஸ்ட்ரெஸ், பி எழுத்தில், அவர் போட்டது. அமுக்கத் தகைவு, சி எழுத்து, அதுவும் அவருடையது. மெல்லிய குழாய்ச் சுவரில் வருகிற ஹூப் ஸ்ட்ரெஸ் ஹெச் எழுத்தில் ராஜகுமாரிடம் போயிருந்தது, அங்கே அது வளைய அழுத்தம். பிரீனாவின் பகுதிக்கு வந்தால், பெர்மிசிபிள் ஸ்ட்ரெஸ் என்பதற்கு அவள் இணையத்திலிருந்து எடுத்ததை அவசரத்தில் அப்படியே விட்டிருந்தாள்: அனுமதிக்கத்தக்க மன அழுத்தம். ஸ்ட்ரெஸ் என்ற தாய்ச்சொல்லே எஸ் எழுத்தில் சுயம்புராஜிடம் இருந்தது. அவர் அதை இறுக்கம் என்று வைத்து, வெட்டு இறுக்கம், இழு இறுக்கம் என்று குடும்பத்தையே வளர்த்திருந்தார்.

ஒரே சங்கதிக்கு நாலு பெயர். ராஜகுமாரின் ஒரு வினாத்தாளில் நடந்த தவறு இப்போது துறையே கையெழுத்துப் போட்ட புத்தகமாகி, அட்டையில் மணிக்கூண்டோடு நிற்கிறது.

தேடத் தேட இன்னும் வந்தது. சுமை ஓரிடத்தில் பளுவாகியிருந்தது. உத்திரம் இன்னொரு பக்கத்தில் விட்டமாகி, வட்டத்தின் விட்டத்தோடு மோதிக்கொண்டு நின்றது. சொற்கள் பிறந்தது குடும்பமாக. அவர்கள்தான் எழுத்தைப் பார்த்து அண்ணன் தம்பியைப் பிரித்து நாலு வீட்டுக்குத் தத்துக் கொடுத்திருந்தார்கள்.

வீட்டுக்குப் போனபோது கணவர் ரசலையன் வடசேரிக் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். அவருக்குக் கம்பி, சிமெண்ட், பெயின்ட் வியாபாரம். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கேட்டார்.

"என்னட்டி, பேயறஞ்சது மாறி வாற?"

ஜெபகனி நடந்ததைச் சொன்னார். ரசலையன் கேட்டுவிட்டு, "அப்பம் சொல்லிர வேண்டியதுதான? அதுக்கு எதுக்கு இந்த வெப்ராளம்?" என்றார்.

"எல்லாரும் வேலைய முடிச்ச சந்தோஷத்துல இருக்காவ. நான் போயி எல்லாம் தப்புன்னு சொன்னா சண்டைக்கு வரமாட்டாவளா?"

"சண்டைக்கு வந்தா வரட்டு. பேச முடியாட்டி எழுதிக் காட்டு. பிள்ளேளுக்குப் பரீட்சை வைக்கியில்லியா, அதே மாறி அவியளுக்கும் ஒண்ணு வையி."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஜெபகனி சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார்.

மறுநாள் துறைக் கூட்டத்தில், ஆளுக்கொரு தாள் கொடுத்தார். நாலே வரி. கையேட்டிலுள்ள சொற்களை மட்டும் வைத்து எழுதிய ஒரு கணக்கு. ராஜகுமார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார்.

"'ஒரு கம்பியில் ஏற்படும் இழு இறுக்கம், அதன் அனுமதிக்கத்தக்க மன அழுத்தத்தை விட...' கம்பிக்கு எதுக்கு மேடம் மன அழுத்தம்? அதுக்கென்ன, வீட்டுல சண்டையா?"

பிரீனா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ சார், அது நானாக்கும்" என்று சொல்லிவிட்டு முதலில் சிரித்ததும் அவள்தான்.

"சவம், மேல வாசிங்க" என்றார் சுயம்புராஜ்.

"'...விடக் குறைவாக உள்ளதா? அதே பளு குழாயில் தரும் வளைய அழுத்தத்தையும், உத்திரத்தில் தரும் வளைவுத் தகைவையும் ஒப்பிடுக.'" ராஜகுமார் நிறுத்தினார். "இதுல எதை எதோட ஒப்பிடச் சொல்லியிருக்கு? ஒண்ணு இறுக்கம், ஒண்ணு மன அழுத்தம், ஒண்ணு அழுத்தம், ஒண்ணு தகைவு. ஒப்பிட முடியாதே."

"நாலும் ஸ்ட்ரெஸ்தான் சார்" என்றார் ஜெபகனி. "நாலும் நம்ம புஸ்தகத்துல உள்ளது."

நாராயணபெருமாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நெற்றியைத் தேய்த்தார்.

"இனி முதல்ல இருந்தா? முதல்வர்ட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுட்டு போவேன்?"

"நான் போறேன் சார்."

சொன்னபடியே முதல்வர் அறை வாசலுக்கு வந்தார். உள்ளே போய் அந்த நாலு வரியைக் காட்டினார். முதல்வர் வாசித்தார், லேசாகச் சிரித்தார், பிறகு சிரிப்பை விட்டுவிட்டார்.

"இதே மாதிரிதான் பிள்ளைகளுக்கும் இருந்திருக்குமோ?"

"ஆமா சார்."

"சரி, கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தி வரைக்கும் நேரம் தாறேன். ஆனா புத்தகத்தைப் பாத்து நான் முடிவெடுக்க மாட்டேன். திருத்தி முடிச்சதும் அதே பாடத்துல அதே பகுதிக்கு இன்னொரு தேர்வு வைங்க. பேப்பரை ராஜகுமாரே எடுக்கட்டும். அதுலயும் இப்படியே வந்துதுன்னா பிரிவை மூடுறதுக்கு நீங்களே கையெழுத்துப் போடணும்."

ஜெபகனி சரி என்றார். வேறென்ன சொல்ல?

இந்தத் தடவை அகரவரிசையைக் கலைத்துப் போட்டார்கள். பாடம் நடக்கிற வரிசையில், தாய்ச்சொல்லும் அதன் பிள்ளைகளுமாக அடுக்கினார்கள். விசை என்றால் விசையோடு ஒட்டியதெல்லாம் ஒரே இடத்தில். ஒரு சொல் எந்தப் பாடத்தில் முதலில் தலைகாட்டுகிறதோ அந்த ஆசிரியர் முன்மொழிவது, எந்தப் பாடத்தில் அதிகம் புழங்குகிறதோ அந்த ஆசிரியர் ஒப்புக்கொள்வது என்று பேசிவைத்தார்கள். இரண்டு பேரும் ஒப்பாமல் ஒரு சொல்லும் புத்தகத்துக்குள் வராது. தனிச்சொல்லுக்கு ஒப்புதல் கிடையாது. குடும்பம் முழுவதற்கும் அதைப் பொருத்திப் பார்த்து, ஒரு கணக்குக்குள் வைத்து வாசித்துப் பார்த்த பிறகே ஒப்புதல்.

முதல் சண்டையே ஸ்ட்ரெஸ்ஸில். சுயம்புராஜ் இறுக்கத்தை விடவில்லை.

"தகைவுன்னா யாருக்கு மேடம் தெரியும்? இறுக்கம்னா எல்லாருக்கும் தெரியும்லா?"

"எல்லாருக்கும் வேற எதுக்கோ தெரியும் சார்" என்றார் ராஜகுமார். "போல்ட்டை இறுக்குறோம். அதுக்கும் இதே சொல்லா? நான் சொல்லுகேன், அழுத்தம்னே வையுங்க."

"அழுத்தத்தை நீங்க எடுத்துட்டா, நீரியல்ல பிரஷருக்கு நான் எங்க போவேன்?" என்று கேட்டது பிரீனா. நீரியல் அவளுடைய பாடம். "பத்தாம் வகுப்புலயே அழுத்தம்னா பிரஷர்னு படிச்சிட்டு வருதுவ. அதனாலதான சார் அன்னிக்கு கம்பிய தண்ணிக்குள்ள போட்டுதுவ?"

ஜெபகனி பிளஸ் ஒன் இயற்பியல் பாடப்புத்தகத்தை மேசையில் விரித்து வைத்தார். அதில் தகைவு, திரிபு, மீட்சிப்பண்பு, யங் குணகம் எல்லாம் இருந்தன. பிளஸ் டூ முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் சேருகிற பிள்ளைகளுக்கு அவை ஏற்கெனவே தெரிந்தவை. பள்ளிப் புத்தகத்தில் ஒரு சொல் இருந்து, அது தவறாகவும் இல்லையென்றால், அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை என்றார். இழுத்தாலும் அமுக்கினாலும் முறுக்கினாலும் தகைவு என்ற சொல் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறது, அழுத்தத்துக்கு அந்தக் குணம் இல்லை என்றும் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

ராஜகுமார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எனக்கு ஒரு சந்தேகம் மேடம், மனசுல வச்சிருக்கதைக் கேட்டிருகேன். இந்தப் பிள்ளேளு நாளைக்கு தோகாவுக்கோ துபாய்க்கோ போகும். அங்க போய் சைட் இன்ஜினியர்கிட்ட தகைவுன்னா சொல்லுவான்? இங்கிலீஷ் வார்த்தைய எப்படியும் படிச்சுத்தானே ஆகணும்? பின்ன எதுக்கு நமக்கு இந்தப் பாடு?"

எல்லோரும் ஜெபகனியைப் பார்த்தார்கள். அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் பத்தாம் வகுப்புல திருப்புத்திறன் நல்லா படிச்சவ சார்" என்று ஆரம்பித்தார். "கதவோட கைப்பிடிய ஏன் கீலுக்குப் பக்கத்துல வைக்கல்லன்னு கேட்டா நான்தான் முதல்ல எந்திரிச்சு சொல்லுவேன். காலேஜ்ல மொமென்ட், மொமென்ட்னு அஞ்சு மாசம் நடத்துனாவ. எனக்கு வெளங்கல்ல. எனக்கு மூளை இல்லன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போயி துணிக்கடையில இருந்திரலாம்னு அப்பாட்ட சொல்லிட்டேன். பரீட்சைக்கு முந்துன வாரந்தான், அது அதே திருப்புத்திறன்னு தெரிஞ்சுது. எனக்குத் தெரிஞ்சதுதான் சார் அது. தெரிஞ்சதுன்னு எனக்கு யாரும் சொல்லல்ல." பிறகு ராஜகுமாரைப் பார்த்தார். "இங்கிலீஷ் வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன். ஒவ்வொரு அலகுலயும் சொல் முதல்ல வாற இடத்துல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதணும். பிள்ள ரெண்டையும் கையில பிடிச்சிட்டுப் போவட்டும்."

தேநீர் கொண்டுவந்த அக்கா டம்ளர்களை வைத்துவிட்டுப் போனாள்.

"தகைவுன்னே போடுங்க பிரீனா" என்றார் ராஜகுமார். அந்தச் சொல்லை அதிகம் புழங்கப்போவது அவர்தான், ஆகவே ஒப்புதல் அவருடையது.

அதன்பிறகு வேலை ஓடியது என்று சொல்ல முடியாது, ஆனால் நகர்ந்தது. பொருளின் ஒரு பகுதி அடுத்த பகுதிமேல் வழுக்கப் பார்க்கும் ஷியருக்குச் சுயம்புராஜ் வெட்டு என்றார். குறுக்குவெட்டில் வெட்டுத் தகைவு என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்ததும் அவரே தலையைச் சொறிந்தார். பள்ளிப் புத்தகத்தின் சறுக்குப்பெயர்ச்சி சரியாக இருந்தது, ஆனால் அதன் மேல் விசையையும் தகைவையும் திரிபையும் ஏற்றினால் வகுப்பு முடியுமுன் மணி அடித்துவிடும். சறுக்கு என்று சுருக்கினார்கள். சறுக்கு விசை, சறுக்குத் தகைவு, சறுக்குத் திரிபு. உடனே ராஜகுமார், மண்ணைத் தாங்கும் சுவர் மொத்தமாக இடம் நகருமே, அதை என்ன சொல்ல என்று கேட்டார். அதற்கு நழுவல் என்று வைத்து, இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, குழப்பக்கூடாது என்று குறிப்பும் போட்டார்கள்.

பெரிய ரகளை கான்கிரீட்டில். சுயம்புராஜுக்குக் கற்காரை வேண்டும்.

"கற்காரை கொண்டு வாங்கன்னு சொன்னா கொத்தனார் காரைக்குடிக்கு பஸ் ஏறிருவாரு சாரே" என்றார் ராஜகுமார்.

"சிரிக்காதீங்க. எல்லாத்தையும் இப்படிச் சிரிச்சுத்தான் விட்டுட்டோம்" என்று சுயம்புராஜ் உண்மையாகவே கோபித்துக்கொண்டார். அன்று மதியம் அவர் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டார்.

ஜெபகனிதான் மறுநாள் அவரிடம் போனார். கான்கிரீட், சிமெண்ட், சென்ட்ரிங் எல்லாம் களத்தில் எல்லோர் வாயிலும் இருப்பவை, பிள்ளை வீட்டிலேயே அதைக் கேட்டு வளர்கிறது, அதை மாற்றினால் தெரிந்ததைத் தெரியாததாக்குகிறோம் என்றார். ஆனால் கான்கிரீட் போட்டபிறகு நாள்கணக்கில் நனைத்து வைப்பதற்கு அவர் எழுதியிருந்த நீராற்றுதல் என்ற சொல்லை எல்லோருக்கும் பிடித்திருந்தது, அதைச் சொன்னவுடன் செய்ய வேண்டிய வேலையே கண்ணில் தெரிகிறது, அதைக் கட்டாயம் வைக்க வேண்டும் என்றார். சுயம்புராஜ் தன் தாளை எடுத்துப் பார்த்தார்.

"கற்காரையை அடைப்புக்குள்ள எங்கயாவது ஒரு ஓரத்துலயாவது போடுவியளா?"

"பின்னிணைப்புல போடுவோம் சார். தேடுறவனுக்குக் கெடைக்கட்டும்."

சிக்மா, டவ் போன்ற குறிகளையும் அலகுகளையும் தொடுவதில்லை என்று ஒரே பேச்சில் முடிந்தது. அவை எந்த மொழிக்காரனுக்கும் ஒன்று. ஒப்புக்கொள்ள முடியாத சில சொற்களை, சண்டை தீரும்வரை ஆங்கில ஒலியிலேயே எழுதுவது, ஆளுக்கொன்று எழுதுவதில்லை என்று வைத்தார்கள். நிறைவாக இல்லாத ஒரு சொல்லை எல்லோரும் சொன்னால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பது அதற்குள் அவர்களுக்கு விளங்கிவிட்டிருந்தது.

இரண்டாம் தேர்வு டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது. வெளியே மழை. ராஜகுமார் வினாத்தாளைக் கையேட்டை வைத்துக்கொண்டே எழுதினார். மேற்பார்வைக்கும் அவரே போனார். ஜெபகனியை அந்தப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜெபகனி துறை அறையில் உட்கார்ந்து, ஒரே தாளைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். பிரிவை மூடும் தாளில் தன் பெயர் எப்படி இருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இடையில் தண்ணீர் குடிக்க வெளியே வந்த ஸ்டெனி என்ற மாணவனை வராந்தாவில் பார்த்ததும் பொறுக்காமல், "எப்படி இருக்கு மக்களே?" என்று கேட்டுவிட்டார்.

"கொஸ்டின் வெளங்குது மேடம்" என்றான் அவன். "கணக்கு கஷ்டமாத்தான் இருக்கு."

அதைக் கேட்டு ஜெபகனிக்கு உண்டான நிம்மதி அவனுக்குப் புரிந்திருக்காது. கணக்கு கஷ்டமாக இருந்தால் சொல்லிக்கொடுக்கலாம்.

ராஜகுமார் விடைத்தாள்களை அன்றே திருத்தத் தொடங்கினார். மூன்றாவது தாளில் பேனாவை வைத்துவிட்டுத் துறை அறைக்கு எழுந்து வந்தார்.

"மேடம், இந்த அநியாயத்தைக் கேட்டியளா? விட்டத்தை வர்க்கப்படுத்தாம விட்டிருக்கான். பரப்பளவு தப்பு, தகைவு தப்பு."

ஜெபகனியின் முகம் வாடியது.

"அட, அதுக்கில்ல மேடம். இங்கிலீஷ் பிரிவுலயும் பாதிப் பயலுவ இதே இடத்துலதான் விழுவானுவ. பத்து வருஷமா திருத்துகேன், எனக்கு தெரியாதா? இவனுவளும் அதே தப்பைச் செய்யானுவ!" அவர் ஏதோ பரிசு கிடைத்தவர்போல் நின்றார். "கம்பிய ஒருத்தனும் தண்ணில போடல்ல."

எல்லோரும் தேறவில்லை. ஆனால் முதல் கேள்வியைத் தொடாமல் விட்டவர் யாரும் இல்லை. இரண்டு பிரிவுகளின் மதிப்பெண்ணுக்கும் நடுவே சொல்லும்படியான வித்தியாசமும் இல்லை. முதல்வர் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எண்களை நம்புகிறவர் எண்ணுக்குக் கட்டுப்பட்டார். தமிழ்ப் பிரிவு தொடரட்டும், அடுத்த ஆண்டுச் சேர்க்கையும் நடக்கட்டும், ஆனால் மூன்று ஆண்டும் முடித்து ஒரு அணி வெளியே போனபிறகு மறுபடி பார்ப்போம் என்றார். கையேட்டில் இல்லாத சொல்லை எந்த ஆசிரியரும் வினாத்தாளில் எழுதக்கூடாது என்று அவராகவே ஒரு சுற்றறிக்கையும் விட்டார்.

அன்று மாலை ரசலையனின் கடைக்கு ஜெபகனி நேரே போனார். கூட்டம் இருந்தது. அவர் ஓரமாக நின்றார். ரசலையன் ஒருவருக்குக் கம்பி எடைபோட்டுக்கொண்டே, "என்ன ஆச்சு?" என்று தலையால் கேட்டார். இவர் தலையாட்டினார். "அப்பம் வாழைக்காய் பஜ்ஜி வாங்கிட்டுப் போலாம்" என்று அவர் அங்கிருந்தே கத்தினார். வாடிக்கையாளர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, ஜெபகனிக்கு வெட்கமாகப் போயிற்று.

இப்போது சிவில் துறையில் தமிழ்ப் பிரிவின் மூன்று ஆண்டுகளும் நடக்கின்றன. முதல் அணி வருகிற சித்திரையில் படிப்பை முடிக்கிறது. கையேடு இரண்டாம் பதிப்பாகிவிட்டது. ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன் நாலு பேரும் ஒருநாள் உட்கார்ந்து, வகுப்பில் ஓடாத சொற்களை எடுத்துப் பேசுகிறார்கள். பருவத்தின் நடுவில் எதையும் மாற்றுவதில்லை. மெக்கானிக்கல் துறையும் தங்களுக்கு ஒன்று வேண்டுமென்று கேட்டிருக்கிறது. பொதுவான சொற்களை இவர்களோடு சேர்ந்தே முடிவுசெய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கான்கிரீட் காலப்போக்கில் மெல்ல வளைந்துகொடுப்பதற்கு இன்னும் சொல் முடிவாகவில்லை. சுயம்புராஜ் ஒன்று சொல்கிறார், ராஜகுமார் ஒப்பவில்லை. அதுவரை எல்லா வகுப்பிலும் அது க்ரீப்தான்.